முன்சூல்வலிப்பும் மூன்று சோதனைகளும்

(கூரம் கிராமத்திற்குக் களப்பயிற்சிக்கு வந்திருந்த தாய்மைச் செவிலியர் பயிற்சி மாணவியரிடையே நிகழ்த்திய உரை)



தேர்வு நெருங்கி வரும் இவ்வேளையில், நீங்கள் படித்து முடித்த பாடங்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை நிதானமாகத் திருப்பிப் பார்ப்போம். முன்சூல்வலிப்பு என்பதே அப்பாடம். அதிலும், வலிப்பைத் தடுப்பதற்காக நாம் செலுத்தும் மக்னீசியம் சல்பேட் என்னும் மருந்தை எவ்வாறு காவல் காத்துக் கொடுப்பது என்பதே இன்று நாம் சொல்ல வந்த விஷயம்.

கர்ப்பிணிக்கு வரும் வலிப்பைக் கிராமத்து மக்கள் ஜன்னி என்று சொல்லுகிறார்கள். பாட நூல்களில் அது சூல்வலிப்பு எனப்படுகிறது. வலிப்பு வருவதற்கு முன்னரே உடலில் தோன்றும் நிலைதான் முன்சூல்வலிப்பு. கருவுற்று இருபது வாரங்கள் கடந்த பின்னர் ஒரு தாயின் இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ இருந்து, சிறுநீரில் புரதமும் காணப்படுமானால் நாம் எச்சரிக்கை கொள்ள வேண்டும். புரதம் இல்லாவிடினும், கடுமையான தலைவலி, கண் மங்கல் அல்லது கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் கோளாறு சேர்ந்திருந்தால் அதுவும் இந்நோயே. அழுத்தம் 160-க்கு 110 என்ற அளவை எட்டிவிட்டால் அது கடுமையான நிலையாகும்.

இந்த நோயின் தன்மையை ஓர் உண்மையைக் கொண்டு மனத்தில் பதித்துக் கொள்ளலாம். உடலெங்கும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை இது தாக்குகிறது. மூளையில் தாக்கினால் தலைவலியும் வலிப்பும் தோன்றும். கல்லீரலில் தாக்கினால் மேல்வயிற்றில் வலி உண்டாகும். சிறுநீரகத்தில் தாக்கினால் புரதம் கசியும். சிறுநீரின் அளவும் குறையும். கடைசியாகச் சொன்ன இந்தச் சிறுநீரக விஷயத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இன்றைய பாடம் முழுவதும் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள நெசவாளர் குடும்பங்களில் ஒரு சங்கடம் உண்டு. தறிக்குழியில் கால்களை இறக்கி நாள் முழுதும் அமர்ந்திருப்பவர்களுக்குக் கால் வீங்குவது வழக்கந்தான். ஆதலால் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்குக் கால் வீங்கினாலும், "தறியில் உட்கார்ந்த வீக்கம்" என்று சொல்லி வீட்டார் விட்டுவிடக்கூடும். அவர்கள் சொல்வது முற்றிலும் தவறென்று கூற முடியாது. ஏனெனில் கால் வீக்கத்தை மட்டும் கொண்டு இந்நோய் உண்டென்றோ இல்லையென்றோ முடிவு செய்ய இயலாது. வீக்கமே இல்லாமலும் இந்நோய் வரும். முகமும் கைகளும் திடீரென வீங்குவது கவனத்திற்குரியதுதான். எனினும் முடிவைச் சொல்ல வேண்டியவை இரத்த அழுத்தக் கருவியும் சிறுநீர்ச் சோதனையுமே.

அழுத்தம் பார்க்கும்போது தாயை ஐந்து நிமிடம் ஓய்வாக உட்கார வையுங்கள். பாதங்கள் தரையில் படிந்திருக்கட்டும்; கை இருதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்கட்டும். காதுக்குழலில் ஒலி அறவே மறையும் இடத்தைக் கீழ் அளவாகக் குறித்துக் கொள்ளுங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும் என்பதையும் மறந்துவிடலாகாது. சிறுநீரைச் சோதிக்கச் சோதனைப் பட்டை இல்லாத இடத்தில் பழைய கொதி சோதனை உதவும். கண்ணாடிக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீர் எடுத்து, மேற்பகுதியை மட்டும் சூடாக்க வேண்டும். கலங்கல் தோன்றினால் நீர்த்த அசெட்டிக் அமிலம் இரண்டு மூன்று துளிகள் விட வேண்டும். கலங்கல் மறைந்தால் அது பாஸ்பேட் உப்பு. நிலைத்து நின்றால் அது புரதம்.

இனி மருந்திற்கு வருவோம்.

நம் மாநிலத்தில் இந்நோய்க்கான சிகிச்சைக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றியவரும், டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாருடன் சேர்ந்து மகப்பேறு மருத்துவப் பாட நூல் எழுதியவருமான டாக்டர் எம். கே. கிருஷ்ண மேனன், மூன்று மருந்துகளைக் கலந்து கொடுக்கும் ஒரு முறையைக் கையாண்டார். குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் என்பன அவை. 1961-ஆம் ஆண்டில் அவர் இச்சிகிச்சையைப் பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது. நெடுங்காலம் நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் இம்முறை வழக்கில் இருந்தது. ஆனால் அக்கலவை தாயை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்திவிடும். உறங்கும் தாய்க்கு மூச்சடைப்பு வருகிறதா என்பதை இடைவிடாது கவனிக்க வேண்டியிருந்தது.

பின்னர் 1995-இல் இந்தியா உட்படப் பல நாடுகளில் சூல்வலிப்புக் கண்ட 1,687 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. டையசிபம், பெனிடாயின் என்னும் மருந்துகளைக் காட்டிலும் மக்னீசியம் சல்பேட் பெற்றவர்களுக்கு மீண்டும் வலிப்பு வருவது பாதிக்கும் குறைவாக இருந்தது. 2002-இல் வெளிவந்த மற்றொரு பெரிய ஆய்வில், 33 நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட முன்சூல்வலிப்புத் தாய்மார்கள் கலந்து கொண்டார்கள். அவர்களுக்கு வலிப்பு வரும் அபாயத்தை இம்மருந்து பாதிக்கும் கீழே குறைத்தது. கலவை மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும் இதுவே மேலானதாகக் காணப்பட்டது. ஆகவே இன்று உலகெங்கும் இம்மருந்தே முதலிடம் பெற்றிருக்கிறது.

ஒன்றை இங்கே தெளிவாக்க வேண்டும். மக்னீசியம் சல்பேட் வலிப்பைத் தடுக்கும் மருந்தே தவிர, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து அன்று. 160-க்கு 110 என்று ஏறியுள்ள அழுத்தத்தைக் குறைக்க லபெட்டலால், நிபெடிபின் போன்ற வேறு மருந்துகளை மருத்துவர் தருவார். மக்னீசியம் போட்டாயிற்று என்று கருதி அழுத்தத்தைக் கவனியாது விட்டால், மூளையில் இரத்தக் கசிவு உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நம் நாட்டு மருத்துவமனைகளில் கிடைக்கும் ஆம்பியூல் ஒன்று பெரும்பாலும் இரண்டு மில்லி லிட்டர் கொண்டது. ஐம்பது சதவிகித வலிமையுடையது. அதில் ஒரு கிராம் மருந்து இருக்கும். வேறு அளவுகளிலும் வலிமைகளிலும் வருவதுண்டாதலால், ஒவ்வொரு முறையும் சீட்டைப் படித்த பின்னரே கணக்கிட வேண்டும். மருத்துவமனையில் முதல் தவணையாக நான்கு கிராம் நரம்பின் வழியாகவும், பத்து கிராம் தசையிலும் செலுத்துவார்கள். நரம்பின் வழியே செலுத்துவதற்கு ஐம்பது சதவிகித மருந்தை அப்படியே ஏற்றுவது கூடாது. நான்கு ஆம்பியூல்களில் உள்ள எட்டு மில்லி லிட்டரோடு பன்னிரண்டு மில்லி லிட்டர் தூய ஊசி நீர் சேர்த்தால், இருபது சதவிகித வலிமையுள்ள இருபது மில்லி லிட்டர் கிடைக்கும். அதை ஐந்து நிமிடத்திற்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்த வேண்டும். அப்பொழுது உடலெங்கும் சூடு பரவுவதுபோல் தாய்க்குத் தோன்றும். முன்கூட்டியே அதைச் சொல்லி வைத்தால் அவள் அஞ்சமாட்டாள். தசையில் செலுத்துவதற்கு நீர் சேர்க்க வேண்டுவதில்லை. இரண்டு பிட்டங்களிலும் ஐந்து ஐந்து கிராமாக, ஆழமாகப் போட வேண்டும். வலி குறையும் பொருட்டு அதனுடன் லிக்னோகெயின் சேர்ப்பதுண்டு. பின்னர் நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை ஐந்து கிராம், பிட்டத்தை மாற்றி மாற்றிப் போடப்படும்.

மருத்துவமனைக்கு அனுப்பு முன், துணைச் சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செவிலியர் கொடுக்க வேண்டிய முதல் தவணை, தசையில் போடும் பத்து கிராம் மட்டுமே. அதாவது பத்து ஆம்பியூல்கள். இரண்டாம் தவணையைப் பற்றி அங்கே நினைக்கவே வேண்டாம். தாயை உடனே வண்டியில் ஏற்றி அனுப்புவதே அடுத்த வேலை. கொடுத்த மருந்தின் அளவையும், கொடுத்த நேரத்தையும் அனுப்புச் சீட்டில் எழுதியே தீர வேண்டும். அது எழுதப்படாவிட்டால், மருத்துவமனையில் உள்ளவர்கள் முதலிலிருந்து தொடங்கி, தசையிலே இன்னும் பத்து கிராம் போட்டுவிடக்கூடும்.

இப்போது பாடத்தின் உயிர்நிலையான பகுதிக்கு வந்துவிட்டோம். செலுத்திய மக்னீசியம் உடலை விட்டு வெளியேறுவதற்குச் சிறுநீரகம் ஒன்றே முக்கிய வழி. முன்சூல்வலிப்போ அந்தச் சிறுநீரகத்தையே தாக்கும் நோய். வெளியேறும் வாயில் அடைபட்டிருக்கும்போது நாம் நான்கு மணிக்கு ஒருமுறை மருந்தை ஊற்றிக் கொண்டே இருந்தால், அது இரத்தத்தில் தேங்கி நஞ்சாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு தவணைக்கு முன்னும் மூன்று சோதனைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. முழங்கால் உதறல் இருக்க வேண்டும். மூச்சு நிமிடத்திற்குப் பதினாறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கடந்த நான்கு மணி நேரத்தில் சிறுநீர், மணிக்கு முப்பது மில்லி லிட்டர் வீதம், 120 மில்லி லிட்டராவது வந்திருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தாலன்றி ஊசியைக் கையில் எடுக்கலாகாது.

இம்மூன்றும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. சிறுநீரின் அளவு, மருந்து இனித் தேங்கப்போகிறது என்பதை முன்னதாகவே அறிவிக்கிறது. முழங்கால் உதறல் மறைவது, மருந்து தேங்கிவிட்டது என்பதைக் காட்டுகிறது. மூச்சுக் குறைவது, ஆபத்து வந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. பயன் தரும் அளவு இரத்தத்தில் லிட்டருக்கு நான்கு முதல் ஏழு மில்லி ஈக்விவலன்ட் வரையாகும். ஏறக்குறையப் பத்தில் முழங்கால் உதறல் மறைகிறது. பன்னிரண்டைத் தாண்டினால் மூச்சு நிற்கும் அபாயம் உண்டு. அதற்கும் வெகுதூரம் மேலே போனால் இருதயம் நின்றுவிடும். ஆகவே முழங்காலைத் தட்டிப் பார்க்கும் செவிலி, இரத்தப் பரிசோதனைச் சாலை இல்லாத இடத்திலும் மருந்தின் அளவை அறிந்துகொள்ளுகிறாள்.

முழங்காலைத் தட்டும் முறையிலும் தவறு நேரிடுவதுண்டு. தாய் படுத்திருக்க, உங்கள் கையை அவளது முழங்காலின் கீழே கொடுத்துச் சற்றே மடக்கித் தாங்குங்கள். கால் தளர்ந்திருக்க வேண்டும். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள நாரைத் தட்டினால் பாதம் முன்னே உதறும். காலை விறைப்பாக வைத்துக்கொண்டிருக்கும் தாயிடம் உதறல் இருந்தும் தெரியாது. முதல் தவணைக்கு முன்பே ஒருமுறை தட்டிப் பார்த்து எழுதி வைப்பது அவசியம். இந்நோயில் உதறல் இயல்பைவிட வேகமாக இருப்பதுண்டு. அது மருந்தினால் இயல்பு நிலைக்குத் தணிந்தால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. அறவே மறைந்தால்தான் மருந்தை நிறுத்த வேண்டும். முதுகில் மரப்பு ஊசி போட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாய்க்குக் கால் மரத்திருக்கும். அவளிடம் முழங்காலைத் தட்டிப் பயனில்லை. முழங்கையின் மடிப்பில் உள்ள நாரைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

இவற்றை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். கூரத்தில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்திக்கு முதற் கர்ப்பம், முப்பத்தாறு வாரம் என்று வைத்துக் கொள்வோம். இரண்டு நாளாகத் தலைவலி. காலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் வலிப்பு வந்து விழுகிறாள். வீட்டார் கையிலே இரும்பைக் கொடுக்கிறார்கள். ஒருவர் வாயைத் திறந்து கரண்டியை நுழைக்க முயலுகிறார். இரண்டினாலும் பயனில்லை, கரண்டியினால் பல் உடைந்து மூச்சும் அடைபடக்கூடும். கிராம சுகாதார செவிலியர் வந்து அவளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, வாயில் உள்ள எச்சிலைத் துடைத்துவிட்டு, 108 வண்டியை அழைக்கிறார். வலிப்பு அடங்குகிறது. அழுத்தம் 170-க்கு 112. முழங்கால் உதறல் வேகமாக இருக்கிறது. மூச்சு இருபது. காலை 9-30 மணிக்குப் பத்து ஆம்பியூல்கள், ஒவ்வொரு பிட்டத்திலும் ஐந்தாகப் போடப்படுகின்றன. அளவும் நேரமும் சீட்டில் எழுதப்படுகின்றன.

காஞ்சிபுரத்து மருத்துவமனையில் சீட்டைப் படித்த மருத்துவர், தசை ஊசியைத் திரும்பப் போடாமல், நரம்பின் வழியே நான்கு கிராம் மட்டும் செலுத்தச் சொல்கிறார். அழுத்தத்திற்கு வேறு மருந்தும் தருகிறார். சிறுநீர்க் குழாய் பொருத்தப்படுகிறது. அடுத்த தசை ஊசிக்கான நேரம் பிற்பகல் 1-30 மணி. அப்போது உதறல் இருக்கிறது; மூச்சு பதினெட்டு; சிறுநீர் நான்கு மணி நேரத்தில் 150 மில்லி லிட்டர். மூன்றும் சரி. ஐந்து கிராம் போடப்படுகிறது.

மாலை 5-30 மணிக்கு உதறல் மெலிதாக இருக்கிறது, மூச்சு பதினாறு. சிறுநீரோ நான்கு மணி நேரத்தில் அறுபது மில்லி லிட்டர்தான். இங்கேதான் மாணவி தடுமாறுவாள். "உதறல் இருக்கிறது, மூச்சும் எல்லைக்குள் இருக்கிறது, நேரமாகிவிட்டது, போட்டுவிடலாமா?" என்று தோன்றும். கூடாது. முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, தாயின் தொடைக்கடியில் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் சரியாக இருந்து சிறுநீர் மட்டும் குறைந்திருந்தால், அத்தவணையை நிறுத்தி வைத்து மருத்துவரை அழைக்க வேண்டும். பிற்பகலில் போட்ட மருந்தின் பெரும்பகுதி இன்னும் அவள் உடலிலேயே இருக்கிறது. அதனால் ஊசியைத் தள்ளிவைப்பதால் அவள் பாதுகாப்பின்றிப் போய்விடமாட்டாள். சிறுநீர் குறைந்ததைக் கண்டு வேகமாகச் சலைன் ஏற்றுவதும் ஆபத்தே. இந்நோயில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எவ்வளவு ஏற்றுவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். மணிக்கு மணி அளந்து வர, இரவு எட்டரை மணிக்குள் சிறுநீர் பெருகி உதறலும் தெளிவாகிறது. அதற்குப் பின்னரே மருத்துவர் அடுத்த தவணைக்கு உத்தரவிடுகிறார்.

ஒருவேளை 5-30 மணிக்கு அவள் கண்ணைத் திறக்க இயலாமல், பேச்சுக் குழறி, மூச்சு பத்தாகக் குறைந்திருந்தால் என்ன செய்வது? மருந்தை நிறுத்திவிட்டு உதவிக்குக் குரல் கொடுத்து, மூச்சுப் பையும் முகமூடியும் கொண்டு மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். பத்து சதவிகிதக் கால்சியம் குளுக்கோனேட் பத்து மில்லி லிட்டர், அதாவது ஒரு கிராம், நரம்பின் வழியே மெதுவாக, மூன்று முதல் பத்து நிமிடங்களில் செலுத்தப்பட வேண்டும். மக்னீசியத்தின் நஞ்சுக்கு இதுவே மாற்று மருந்து. அது அலமாரியில் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. மக்னீசியத்தின் முதல் ஆம்பியூலை உடைப்பதற்கு முன்பே, மாற்று மருந்தும், ஊசிக்குழலும், மூச்சுப் பையும் தாயின் கட்டிலருகே இருக்க வேண்டும்.

குழந்தை பிறந்துவிட்டால் நோய் நீங்கிவிட்டது என்று எண்ணுவதும் தவறாகும். நம் உதாரணத்துப் பெண் இரவு பதினொரு மணிக்குப் பிரசவித்தாள் என்றால், மறுநாள் இரவு பதினொரு மணி வரை மருந்து தொடரும். பிரசவத்திற்குப் பின் வலிப்பு வந்தால், கடைசி வலிப்பிலிருந்து இருபத்துநான்கு மணி நேரம் கணக்கிட வேண்டும். பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் உறவினர் சூழ்ந்திருக்கும் அந்த இரவிலும் மூன்று சோதனைகளும் தவறாமல் நடக்க வேண்டும். வீடு திரும்பிய பின்னரும் தலைவலியோ கண் மங்கலோ வந்தால், அது பிரசவக் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே வரும்படி தாயிடமும் மாமியாரிடமும் சொல்லி அனுப்புங்கள். ஏனெனில் பிரசவத்திற்குப் பின் சில நாள் கழித்தும் வலிப்பு வருவதுண்டு.

தேர்வுத் தாளில் மூன்று சோதனைகளையும் வரிசையாக எழுதிவிடுவது எளிது. இரவு இரண்டு மணிக்கு, நோயறையில் ஒருத்தியாக நின்றுகொண்டு, ஊசிக்குரிய நேரம் வந்தும் சிறுநீர் குறைவாக இருப்பதைக் கண்டு, ஊசியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரை எழுப்பச் செல்வதுதான் கடினம். அவ்வேளையில் நீங்கள் தயங்காதிருக்கும் பொருட்டே இக்காரணங்களை இவ்வளவு விரிவாகக் கூறினோம். இனி உங்களுள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் முழங்காலை ஒருவர் தட்டிப் பார்த்தும், ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணியும் பழகுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது இங்கே போதாது.